81 சதவீதத்துக்குள் ஒளிந்த வியாழக்கிழமைகள்

டியூஷன் சென்டர்களில் அட்டெண்டன்ஸ் நோட்டு போய் கூகுள் ஷீட்ஸ் வந்தபோது, நோட்டில் இருந்த ஒரு பழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வலது ஓரத்தில் ஒரு சதவீதம். அது 75-க்குக் கீழே போனால் கட்டம் சிவப்பாகும். போகாவிட்டால் எல்லாம் சரி. இந்த 75, பொதுத்தேர்வு எழுத சிபிஎஸ்இ கேட்கும் வருகை அளவு. மாதம் 27 நாள் நடக்கும் மாலை வகுப்புக்கு அதே அளவுகோல் எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பலரும் முதலில் பார்க்கும் எண் இந்தச் சதவீதம்தான். அடிக்கடி லீவு போடும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதில் மிகவும் பின்தங்கியதும் இதுதான்.

ஒரு மாதத்தை எடுத்துப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு மாலை பேட்ச், 40 பேர், திங்கள் முதல் சனி வரை ஆறு மணிக்கு வகுப்பு. 2025 ஜூலையில் ஞாயிறுகளைக் கழித்தால் 27 நாள். A-யில் வரிசை எண், B-யில் பெயர், C2 முதல் AC2 வரை தேதிகள். மூன்றாவது வரியிலிருந்து பிள்ளைகள்; வந்தால் P, வராவிட்டால் A. சதவீதத்துக்குப் பொதுவாகப் போடுவது இது:

```
=COUNTIF(C3:AC3,"P")/(COUNTIF(C3:AC3,"P")+COUNTIF(C3:AC3,"A"))
```

இந்தப் பேட்ச்சில் இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். 7-ஆம் எண் பிள்ளை 14-ஆம் தேதி திங்கள் முதல் 18 வெள்ளி வரை காய்ச்சலில் படுத்திருந்தாள். 19-ஆம் எண் பையன் 3, 10, 17, 24, 31 ஆகிய ஐந்து வியாழக்கிழமையும் வரவில்லை. மாதக் கடைசியில் இருவருக்கும் 27-க்கு 22, அதாவது 81 சதவீதம். ஷீட்டைப் பொறுத்தவரை இருவரும் ஒன்று.

நடுவில் சிவப்பு எப்போது எரிந்தது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. பையன் முதல் வியாழன் வராதபோது நடந்திருந்த வகுப்பு மூன்றுதான்; 67 சதவீதம் ஆகிச் சிவந்துவிட்டது. அன்று அதற்கு ஒரு பொருளும் இல்லை, யாரும் ஒரு நாள் வராமல் இருக்கலாம். மறுநாள் வந்ததும் 75 ஆகிச் சிவப்பு அணைந்தது. மூன்றாவது வியாழன், உண்மையிலேயே கவனிக்க வேண்டிய நாள், 15 வகுப்பில் 12 என்று 80 சதவீதம் காட்டியது. அதன் பிறகு மாதம் முடியும்வரை சிவக்கவே இல்லை. மாதத் தொடக்கத்தில் சதவீதம் தொட்டதற்கெல்லாம் துள்ளும். பிற்பாதியில் தட்டினாலும் அசையாது. இந்தக் குறை சூத்திரத்தை எவ்வளவு திருத்தினாலும் போகாது, ஏனென்றால் நாட்கள் எந்த வரிசையில் வந்தன என்பதைச் சதவீதம் தூக்கி எறிந்துவிடுகிறது.

ஷீட்டின் உண்மையான பலம் அந்த வரிசையைத் திரும்பப் பிடித்துத் தருவதில் இருக்கிறது. கிழமைவாரியாக எண்ண ஒரே வரி போதும்:

```
=SUMPRODUCT((C3:AC3="A")*(WEEKDAY($C$2:$AC$2,2)=4))
```

WEEKDAY-க்குள் உள்ள 2, திங்களை 1 என்று வைத்து எண்ணச் சொல்கிறது. ஆகவே 4 என்றால் வியாழன். 1 முதல் 6 வரை மாற்றி ஆறு பத்திகள் போட்டு, எந்தக் கட்டத்தில் 3 அல்லது அதற்கு மேல் வந்தாலும் நிறம் மாறும்படி வைத்தால், 19-ஆம் எண் 17-ஆம் தேதி மாலையே தெரிந்துவிடும். 7-ஆம் எண்ணுக்கு ஆறு கட்டத்தில் ஐந்தில் ஒவ்வொன்று விழுந்து அமைதியாக இருக்கும். நோட்டில் இதைச் செய்ய 40 வரியையும் தேதி தேதியாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், எல்லா மாதமும் பார்ப்பவர்கள் குறைவு.

இந்தச் சூத்திரம் பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு, அது கண்ணுக்குப் படாது. ஷீட்டின் நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், 3/7/2025 என்று அடித்ததை அது மார்ச் 7 என்று எடுத்துக்கொள்ளும். அது வெள்ளிக்கிழமை. 10/7 அக்டோபர் 7 ஆகும், செவ்வாய். 12-ஆம் தேதி வரை எந்தப் பிழையும் காட்டாது, கிழமை மட்டும் தப்பாக இருக்கும். 12-க்கு மேல் மாதம் என்று ஒன்று இல்லாததால் 13 முதல் தேதி வெறும் எழுத்தாகி #VALUE! வரும். தேதியை அன்றன்று அடிப்பவர் அப்போதுதான் விழிப்பார், அதற்குள் அரை மாதம் போயிருக்கும். Settings-இல் Locale-ஐ India என்று மாற்றி, ஏற்கெனவே அடித்த தேதிகளை மறுபடி அடிக்க வேண்டும். அதோடு முதல் வரியில் =TEXT(C2,"ddd") என்று போட்டு, தேதிக்கு மேலேயே கிழமை தெரியும்படி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை ஒரே பார்வையில் பிடிபடும்.

7-ஆம் எண்ணுக்குத் தேவை வேறு எண்: தொடர்ந்து எத்தனை வகுப்பாக வரவில்லை. ஒரே கட்டத்தில் அடக்கும் நீளமான சூத்திரங்கள் இதற்கு உண்டு. அவற்றை எழுதியவரைத் தவிர வேறு யாராலும் திருத்த முடியாது. வருகைத் தாளுக்கு Attendance என்று பெயர் வைத்து, இரண்டாவது தாளில் அதே பெயர்களை B-யில் வைத்து, C3-இல் இதைப் போட்டு இழுத்துவிடுவது எளிது:

```
=IF(Attendance!C3="A",N(B3)+1,
 IF(Attendance!C3="P",0,N(B3)))
```

வராவிட்டால் முந்தைய எண்ணோடு ஒன்று கூடும், வந்தால் பூஜ்யம், இன்னும் நடக்காத நாளில் பழைய எண் அப்படியே தொடரும். எனவே கடைசிப் பத்தி எப்போதும் இன்றைய நிலையைச் சொல்லும். 16-ஆம் தேதி மாலை அங்கே 3 நிற்கும், வீட்டுக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கலாம். சதவீதம் சிவந்தது 17-இல். அதே காய்ச்சல் மாதக் கடைசியில் வந்திருந்தால் சிவந்தே இருக்காது. ஒரு குறை: மாதத்துக்கு ஒரு தாள் வைக்கும் பழக்கத்தில் இந்த எண்ணிக்கை ஒன்றாம் தேதி அறுந்துவிடும். ஜூலை 30, 31, ஆகஸ்ட் 1 மூன்று நாளும் வராதவன் எங்கும் 3 ஆக மாட்டான். காலாண்டுக்கு ஒரே தாள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் அந்த P, A உண்மையாக இருந்தால்தான். ஆறு மணிக்கு A போட்டுவிட்டு ஆசிரியர் பாடத்துக்குப் போய்விடுகிறார். பள்ளிப் பேருந்து தாமதமாகி 6:25-க்கு வந்தவன் கடைசி வரை A-யாகவே இருக்கிறான். ராத்திரி செய்தி போகிறது. “சார், ஆறு மணிக்கே கிளம்பிட்டானே, வரலையா?” என்று அம்மா பதறிக்கொண்டு கூப்பிடுகிறார். அடுத்த முறை உண்மையாகவே வராதபோது அவர் அந்தச் செய்தியை நம்பமாட்டார். ஆறரைக்கு இரண்டாம் முறை சரிபார்த்த பிறகே செய்தி போக வேண்டும் என்ற விதி, எந்தச் சூத்திரத்தையும்விடப் பயன் தரும்.

இதைவிட மோசமானது வெற்றுக் கட்டம். சிலர் A மட்டும் போட்டு மற்றதைக் காலியாக விடுவார்கள். அப்போது வந்தானா, குறிக்க மறந்தார்களா என்று பிரிக்கவே முடியாது. மேலே உள்ள சதவீதச் சூத்திரமோ P ஒன்றும் இல்லாமல், ஒரு நாளாவது வராதவனுக்குப் பூஜ்யத்தையும் எல்லா நாளும் வந்தவனுக்கு #DIV/0! என்றும் காட்டும். “A ” என்று பின்னால் ஒரு இடைவெளி விழுந்தாலும் COUNTIF எண்ணாது. கட்டத்தில் P, A இரண்டை மட்டும் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வைத்துவிட்டால் இரண்டாவது தீரும். முதலாவது தீராது, அது ஆளின் பழக்கம். சனிக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் ஞாபகத்தில் நிரப்புகிறவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் கட்டத்தில் வலது கிளிக் செய்து Show edit history பார்த்தால் யார், எப்போது மாற்றினார்கள் என்று தெரியும். ஐந்து நாளின் பதிவும் ஒரே மாலையில் ஏறியிருந்தால் அந்த வாரத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

சரி, பதிவு ஒழுங்காக இருக்கிறது, கிழமைக் கட்டத்தில் 3 சிவந்திருக்கிறது. உடனே பிள்ளையைக் கூப்பிட்டு நிற்க வைக்கலாமா? கூடாது என்பேன். மாதத்தில் தற்செயலாக மூன்று நாள் லீவு போடும் ஒருவனுக்கு, அந்த மூன்றும் ஒரே கிழமையில் விழ வாய்ப்பு ஏறத்தாழ 70-இல் ஒன்று. குறைவுதான். ஆனால் ஆளுக்கு மூன்று நாள் லீவு போடும் 40 பேரை மாதாமாதம் சலித்தால், சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒருவர் காரணமே இல்லாமல் சல்லடையில் நிற்பார். மூன்று என்பது விசாரிக்கச் சொல்லும் அடையாளம், அவ்வளவே. 19-ஆம் எண்ணைப் போல ஐந்துக்கு ஐந்து என்றால் கதை வேறு. அங்கே தற்செயலுக்கு இடம் ஏறக்குறைய இல்லை.

அதற்கும் முன்னால் பத்தியின் அடியில் =COUNTIF(C3:C42,"A") போட்டு அன்றன்று எத்தனை பேர் வரவில்லை என்று பார்க்க வேண்டும். எல்லா வியாழனும் 12, 13 பேர் குறைந்தால் பையனிடம் கேட்க ஒன்றுமில்லை. அன்றைய பாட அட்டவணையையோ பேருந்தையோதான் விசாரிக்க வேண்டும். ஒரே ஒரு நாள் 20 பேர் வரவில்லை என்றால் மழையோ பள்ளி ஆண்டு விழாவோ. அந்த நாளைத் தனிப்பட்ட பிள்ளைகளின் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதே நியாயம்.

இப்போது வியாழன் அந்தப் பையனுக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஊரில் வாரச்சந்தை, அப்பாவின் கடையில் கைக்கு ஆள் வேண்டும். அன்றுதான் டியூஷனில் கணக்கு வாரத்தேர்வும். இரண்டில் எது என்று ஷீட் சொல்லாது, பையனும் உண்மையைச் சொல்லுவான் என்று எதிர்பார்க்க முடியாது. காரணம் எழுதத் தனிப் பத்தி வைத்த இடங்களில் நான் அதிகம் பார்த்தது “உடம்பு சரியில்லை” என்ற இரண்டு சொற்களைத்தான். கேட்பதைவிட நல்ல வழி, வாரத்தேர்வை மூன்று வாரத்துக்குச் செவ்வாய்க்கு மாற்றுவது. வியாழன் கட்டத்தில் ஏறுவது நின்று செவ்வாய்க் கட்டத்தில் ஏறத் தொடங்கினால் அவனுக்குப் பயம் தேர்வில். அப்போது தேவை கணக்கில் தனிக் கவனம், வீட்டுக்குப் புகார் இல்லை. வியாழன் அப்படியே தொடர்ந்தால் சந்தை என்று ஊகிக்கலாம். அப்பாவிடம் பேசி, வியாழன் பாடத்தைச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து முடிக்க ஏற்பாடு செய்யலாம். அப்போதும் வியாழன்தோறும் A விழும். விழட்டும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டுவிட்டு, அந்தக் கட்டத்தின் நிறத்தை மட்டும் நிறுத்திவிட்டால் போதும்.