விடை சரி, விளக்கம் பிழை: சொரசொரப்பான தரையில் நின்ற கட்டை

சொரசொரப்பான தரையில் தள்ளிவிட்ட கட்டை எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்ற கணக்கைப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படித்த எல்லோரும் போட்டிருப்பார்கள். வேலை–ஆற்றல் தேற்றத்தை எழுதினால் மூன்று வரியில் விடை வந்துவிடும். விடைக்குக் கீழே வழக்கமாக ஒரு விளக்கமும் வரும்: "உராய்வு விசை கட்டையின் மீது செய்த வேலை வெப்பமாக மாறியது." விடையையும் விளக்கத்தையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரி என்று ஆகிவிடாது.

முதலில் விடை. கட்டையின் நிறை 2 கிலோகிராம், புறப்படும் வேகம் வினாடிக்கு 3 மீட்டர், இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்வோம். தரை கிடைமட்டமானது, மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வேறு யாரும் தள்ளவில்லை. ஆகவே தரை மேல்நோக்கித் தரும் செங்குத்து விசை mg-க்குச் சமம். உராய்வு விசை 0.3 × 2 × 9.8 = 5.88 நியூட்டன். தொடக்க இயக்க ஆற்றல் ½ × 2 × 3² = 9 ஜூல்.

½mv² = μmgd

இதிலிருந்து d = 9 ÷ 5.88, அதாவது சுமார் 1.53 மீட்டர். இரு பக்கமும் நிறை அடிபட்டுப் போவதால் d = v²/(2μg) என்றாகிறது. கட்டையின் மேல் இன்னொரு கட்டையை ஒட்டி வைத்து அதே வேகத்தில் விட்டாலும் தூரம் மாறாது. வேகத்தை இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகும்.

இதே விடையை v² = u² + 2as என்ற சமன்பாடும் தரும். அப்படியானால் தேற்றத்தால் என்ன லாபம்? விசை இடத்துக்கு இடம் மாறும்போது அது தெரியும். முதல் அரை மீட்டர் வழவழப்பான தரை, குணகம் 0.2, அதற்குப் பிறகு கரடான தரை, குணகம் 0.4 என்று வைப்போம். முதல் பகுதியில் கழிவது 3.92 × 0.5 = 1.96 ஜூல். மீதி 7.04 ஜூல். இரண்டாம் பகுதியில் உராய்வு 7.84 நியூட்டன் என்பதால் கட்டை இன்னும் சுமார் 0.90 மீட்டர் போகும், மொத்தம் 1.40 மீட்டர். எல்லைக்கோட்டைத் தாண்டியபோது வேகம் என்ன, எத்தனை வினாடி ஆனது என்று எதையும் கேட்கத் தேவையில்லை. தூரத்தைக் கேட்கும் கேள்விக்குத் தூரத்தின் வழியாகவே பதில் கிடைக்கிறது.

ஆனால் விசை வேகத்தைப் பொறுத்து மாறினால் இந்த வசதி இல்லை. தூரம் தெரியாமல் வேகம் தெரியாது. வேகம் தெரியாமல் விசை தெரியாது. இயக்க உராய்வு வேகத்தைப் பெரிதாகச் சார்ந்திருக்காது என்று 18ஆம் நூற்றாண்டில் கூலும் வகுத்த விதியை நாம் சொல்லாமலேயே கடன் வாங்கியிருக்கிறோம். அது தேற்றத்தின் பகுதி அல்ல, தனியாகச் சோதிக்க வேண்டிய அனுமானம். சோதிப்பது எளிது. கட்டையைப் பல வேகங்களில் விட்டு, v²-ஐக் கிடை அச்சிலும் d-ஐச் செங்குத்து அச்சிலும் குறிக்க வேண்டும். புள்ளிகள் ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் நேர்கோட்டில் அமைந்தால் அனுமானம் நிற்கிறது. அதிக வேகத்தில் புள்ளிகள் அந்தக் கோட்டுக்கு மேலே விலகினால், வேகம் கூடக் குணகம் குறைகிறது என்று பொருள்.

இந்த எல்லைக்குள் விடையில் குறையில்லை. இனி விளக்கத்துக்கு வருவோம்.

கட்டையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு அதன் ஆற்றல் வரவு செலவைப் பார்க்கலாம். உராய்வு அதன் மீது −9 ஜூல் வேலை செய்தது என்கிறோம். இயக்க ஆற்றலும் சரியாக 9 ஜூல் குறைந்தது. கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. கட்டையின் அக ஆற்றல் கூடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் வழுக்கி வந்த கட்டையின் அடிப்பக்கம் சூடாகத்தான் இருக்கிறது. தரையிலிருந்து வெப்பம் பாய்ந்து வந்தது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். கட்டையும் தரையும் ஒரே பொருள், ஒரே மெருகு என்றால் அந்த வாதமும் விழுந்துவிடும்: இரண்டு பரப்புகளும் ஒன்றுபோல் சூடாகும்போது வெப்பம் ஒரு பக்கம் மட்டும் பாயக் காரணமே இல்லை.

இந்தச் சிக்கலை புரூஸ் ஷெர்வுடும் டபிள்யூ. எச். பெர்னார்டும் 1984இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில் அலசினார்கள். விசை செய்யும் வேலையைக் கணக்கிட, அந்த விசை செயல்படும் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். கட்டையின் நடுப்பகுதி எவ்வளவு நகர்ந்தது என்பது வேறு கேள்வி. இரண்டு பரப்புகளும் உண்மையில் தொடுவது நுண்ணிய முகடுகளின் நுனிகளில்தான். அந்த நுனிகள் ஒட்டிக்கொள்கின்றன, வளைகின்றன, பிறகு விடுபட்டு அதிர்கின்றன. கட்டை முன்னே போகும்போது அதன் முகடுகள் பின்னோக்கி வளைகின்றன. தரையின் முகடுகள் முன்னோக்கி இழுபடுகின்றன. இரண்டும் ஒரே பொருளானால் இரண்டும் ஒரே அளவு வளையும். ஆகவே தொடும் இடம், ஒட்டியிருக்கும் நேரத்தில், கட்டை நகர்வதில் பாதிதான் நகரும்.

நம் கணக்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். உராய்வு கட்டையின் மீது உண்மையில் செய்த வேலை −4.5 ஜூல். இயக்க ஆற்றல் இழப்பு 9 ஜூல். வித்தியாசமான 4.5 ஜூல் கட்டையின் அக ஆற்றலாகத் தங்குகிறது. வெளியே போன 4.5 ஜூல் தரைக்குச் சேர்கிறது. இரண்டு பக்கமும் சமமாகச் சூடாகின்றன, கணக்கும் நேராகிறது. கட்டை ஒரு பொருள், தரை வேறொரு பொருள் என்றால் பங்கு சரிபாதியாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பங்கை நியூட்டன் விதிகளைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது.

அப்படியானால் வேலை–ஆற்றல் தேற்றம் பொய்யா? இல்லை. நியூட்டனின் இரண்டாம் விதியைத் தூரத்தின் மீது தொகையிட்டுப் பெற்றது அது. நிகர விசையை நிறை மையத்தின் இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் ½mv² எவ்வளவு மாறியது என்று கிடைக்கும். இது எப்போதும் உண்மை. ஆனால் அந்தப் பெருக்கற்பலன் கட்டைக்குள் வந்த ஆற்றலோ, கட்டையை விட்டுப் போன ஆற்றலோ ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓடத் தொடங்கும் ஒருவரைப் பாருங்கள். தரையின் நிலை உராய்வுதான் அவரை முன்னே தள்ளுகிறது, ஆனால் பதிந்த பாதம் நகரவில்லை. எனவே தரை செய்த வேலை சுழி. அவருடைய இயக்க ஆற்றல் தசைகளிலிருந்து வந்தது. விசையை நிறை மைய இடப்பெயர்ச்சியால் பெருக்கும் சமன்பாடு அங்கேயும் சரியான வேகத்தைத் தரும். அந்தப் பெருக்கற்பலனைத் தரை கொடுத்த ஆற்றல் என்று படித்தால் தவறாகிவிடும்.

எண் மாறவில்லையே, பிறகு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். கட்டை எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்டால் கண்டிப்பு தேவையில்லை. கட்டை எவ்வளவு சூடாகும் என்று கேட்ட உடனே தேவைப்படும். பழைய விளக்கம் அதற்குச் சுழி என்று பதில் தரும். ஒரே பொருளான கட்டைக்கும் தரைக்கும் உரிய பதில் 4.5 ஜூல்.

ஆகவே என் தீர்ப்பு இது. நிற்கும் தூரத்தைக் காண இந்தத் தேற்றமே சிறந்த வழி, அதிலும் குணகம் இடத்துக்கு இடம் மாறும் தரையில். ஆனால் "உராய்வு கட்டையின் மீது −μmgd வேலை செய்தது" என்ற வரியைப் பாடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். அதன் இடத்தில் இரண்டு வாக்கியங்கள் போதும்: உராய்வு விசையை நிறை மைய இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் கட்டையின் இயக்க ஆற்றல் மாற்றம் கிடைக்கும். அதே உராய்வு விசையை ஒரு பரப்பு மற்றதன் மீது வழுக்கிய தூரத்தால் பெருக்கினால், கட்டையும் தரையும் சேர்ந்து பெற்ற வெப்பம் கிடைக்கும். நிலையான தரையில் இரண்டு தூரங்களும் ஒன்றாக இருப்பதால்தான் இரண்டு வேறுபட்ட கூற்றுகள் ஒரே 9 ஜூலாகத் தெரிகின்றன.