‘அபி’ என்றால் யார்?

எங்கள் கொழும்புத் தொடர்மாடியில் 24 வீடுகள். குடியிருப்பாளர்களின் வட்ஸ்அப் குழுவில் பாதிப்பேர் சிங்களத்திலும் மீதிப்பேர் தமிழிலும் எழுதுகிறோம். ஒருவர் தன் மொழியில் விரிவாக எழுத, இரு மொழியும் தெரிந்த ஒருவர் அதன் கீழே மற்ற மொழியில் இரண்டு வரிச் சுருக்கம் போடுவார். இந்த வேலை பெரும்பாலும் என்னிடம் வரும்.

“நாளை காலை தாங்கி கழுவுகிறார்கள், 9 முதல் 1 மணி வரை தண்ணீர் வராது” என்பது போன்ற செய்திகளுக்கு இது போதும். முழு மொழிபெயர்ப்பு கேட்டால் எழுதுபவர் சில நாளிலேயே களைத்துவிடுவார், தண்ணீரும் காத்திருக்காது.

பணமும் பொறுப்பும் வரும்போதுதான் சிக்கல். தண்ணீர் மோட்டர் பழுதானபோது, திருத்தும் செலவை ‘அபி’ ஏற்கிறோம் என்று நான்காம் மாடிக்காரர் சிங்களத்தில் எழுதினார். ‘அபி’ என்பது கேட்பவரைச் சேர்த்தும் சொல்லும், விலக்கியும் சொல்லும். தமிழில் ‘நாம்’ அல்லது ‘நாங்கள்’, ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். நான் ‘நாம்’ என்று எழுதிவிட்டேன். அவர் சொன்னதோ தன் மாடியிலுள்ள 6 வீடுகளை. கீழ்மாடிகளுக்கு அந்த மோட்டரே இல்லை.

தவறு அதோடு நிற்கவில்லை. நமக்குப் பயன்படாததற்கு நாம் ஏன் கட்ட வேண்டும் என்று இருவர் தமிழில் நியாயமாகக் கேட்டார்கள். “சிலருக்கு ஆட்சேபம்” என்று அதைச் சிங்களத்தில் சுருக்கினேன். காரணம் போய்விட்டது, எதிர்ப்பு மட்டும் மிஞ்சியது. மோட்டரைத் திருத்துவதையே தடுக்கிறார்கள் என்று மேல்மாடி மனம் வருந்தியது. என்னைப் பொறுத்தவரை இந்த முறையின் பெரிய குறை இதுதான்: முடிவுகளைச் சுருக்கலாம், மறுப்பைச் சுருக்கினால் அது பகையாகத் தெரிகிறது.

சிலர் ஆங்கிலத்தில் ஒரே சுருக்கம் போடலாம் என்கிறார்கள். நான் உடன்படவில்லை. “மெக்கானிக் ஹெட்ட எனவலு” என்பதன் கடைசியிலுள்ள ‘லு’, கேள்விப்பட்ட செய்தி என்று காட்டுகிறது. தமிழில் “நாளை வருகிறாராம்” என்றால் அந்த ஐயம் அப்படியே வந்துவிடும். ஆங்கிலத்தில் வேகமாக எழுதுபவர் அதை விட்டுவிடுவார்; வதந்தி உறுதிமொழியாகிவிடும்.

இப்போது ‘அபி’ வந்தால் எந்தெந்த வீடு என்று எழுதியவரிடமே சிங்களத்தில் கேட்டுவிட்டு, “நான்காம் மாடி, 6 வீடுகள்” என்று எண்ணோடு போடுகிறேன். மறுப்பு வந்தால் அதன் காரணத்துக்கும் ஒரு வரி. எழுதியவருக்கு என் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் சுருக்கம் சரியா என்று அவரால் பார்க்க முடியாது. அதற்கு இன்னொரு இருமொழிக்காரர் வேண்டும். அப்படி ஒருவர் இரண்டாம் மாடியில் இருக்கிறார்; பணம் பற்றிய சுருக்கங்களை அவர் பார்த்த பிறகே குழுவில் போடுகிறேன்.