ஒத்துப்போகும் கையொப்பம் உண்மையான கையொப்பமா? ஹௌலண்டு உயில் வழக்கு தரும் பாடம்

இரண்டு கையொப்பங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தால் இரண்டும் ஒருவர் கையால் எழுந்தவை என்று கொள்வது உலக வழக்கு. ஆயின் கையெழுத்தாய்வில் தேர்ந்தோர் இதற்கு நேர்மாறாகவே கருதுவர். ஒருவர் தம் பெயரைப் பலமுறை எழுதினாலும், ஒவ்வொரு கோடும் அதே இடத்தில், அதே நீளத்தில் விழுவதில்லை. ஆகவே இரு கையொப்பங்கள் மயிரிழையும் பிசகாது ஒன்றின்மேல் ஒன்று பொருந்துமானால், அவற்றுள் ஒன்று மற்றொன்றன்மீது தாளை வைத்து வரையப்பட்டதோ என்னும் ஐயம் எழுகிறது. அவ்வையத்தை எத்துணை தூரம் நம்பலாம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற வழக்கொன்று அமெரிக்காவில் நடந்தது. மாசசூசெட்சு மாநிலத்து நியூ பெட்போர்டு நகரில் சில்வியா ஆன் ஹௌலண்டு என்னும் செல்வச் சீமாட்டி 1865ஆம் ஆண்டு காலமானார். அவர் விட்டுச்சென்ற சொத்து ஏறக்குறைய 20 இலட்சம் டாலர். 1863இல் எழுதிய உயில் ஒன்று இருந்தது. அவருடைய உடன்பிறந்தாளின் மகள் ஹெட்டி ராபின்சனோ, 1862இல் எழுதிய முந்தைய உயில் ஒன்றையும், பின்னால் எழுதும் உயில் எதுவும் செல்லாது என்று கூறும் இரண்டாம் பக்கம் ஒன்றையும் கொண்டுவந்தார். அப்பக்கத்திற்கு இரண்டு படிகள் இருந்தன. எழுத்து ஹெட்டியினுடையது, அடியில் சீமாட்டியின் கையொப்பம். உயிலில் உள்ள ஐயமற்ற கையொப்பத்தைப் பார்த்து இவ்விரண்டும் வரையப்பட்டன என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

ஹார்வர்டின் கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்சும் அவர் மகன் சார்லசும் இதனை ஆராய்ந்தனர். சீமாட்டியின் உண்மைக் கையொப்பங்கள் 42ஐ நிழற்படங்களாக எடுத்து, இவ்விரண்டு இவ்விரண்டாக ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தனர். 42 கையொப்பங்களில் இணைகள் 861 உண்டு. ஒவ்வொரு கையொப்பத்திலும் கீழ்நோக்கி இழுக்கும் கோடுகள் 30. ஆகவே ஒப்புநோக்கியவை 25,830 கோட்டிணைகள். அவற்றுள் 5,325 பொருந்தின. அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஐயத்துக்குரிய கையொப்பத்திலோ 30 கோடுகளும் பொருந்தின. ஐந்தில் ஒன்று என்னும் வாய்ப்பை 30 முறை பெருக்கி, இது தற்செயலாக நிகழ வாய்ப்பே இல்லை எனத்தக்க மாபெரும் எண்ணைப் பேராசிரியர் முன்வைத்தார்.

இக்கணக்கில் குறையொன்று உண்டு. ஒரு கோடு பொருந்துவதற்கும் அடுத்த கோடு பொருந்துவதற்கும் தொடர்பில்லை என்று கொண்டாலன்றி இவ்வாறு பெருக்குதல் தகாது. ஒரு பெயரின் முதலெழுத்து அகலமாக விழுந்தால் பின்வரும் எழுத்துக்களும் அதன்வழியே நகரும் அல்லவா? பேராசிரியரின் அட்டவணையே இதற்குச் சான்று பகர்கின்றது. 13 அல்லது அதற்கு மேற்பட்ட கோடுகள் பொருந்திய இணைகள் அவர் எண்ணியபடி 20 இருந்தன. அவருடைய சூத்திரப்படி மூன்றோ நான்கோதான் இருத்தல் வேண்டும். 1980இல் பால் மையர், சாண்டி சாபெல் என்னும் புள்ளியியலார் இருவர் இக்கணக்கை மீண்டும் ஆராய்ந்து இதன் பலவீனத்தை எடுத்துக்காட்டினர். ஒரே நாளில், ஒரே மேசையில் இட்ட கையொப்பங்கள் வேறு வேறு ஆண்டுகளில் இட்டவற்றினும் நெருங்கி ஒத்திருக்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயினும் 30க்கு 30 என்பது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எண் மிகையானது, ஐயமோ நியாயமானது.

மறுதரப்பில் இயற்கை நூலறிஞர் லூயி அகாசி மூலத்தையே நுண்பெருக்காடியில் வைத்துப் பார்த்து, மைக்கு அடியில் பென்சில் கோட்டின் சுவடு இல்லை என்று சான்று கூறினார். 1868இல் நீதிமன்றம் ஹெட்டியின் சாட்சியம் சட்டப்படி ஏற்கத்தக்கதன்று என்று கூறி வழக்கைத் தள்ளியது. கையொப்பம் பொய்யா மெய்யா என்னும் கேள்விக்குத் தீர்ப்பே கிடைக்கவில்லை.

இவ்வழக்கில் ஊன்றி நோக்கத்தக்கது வேறொன்று. பியர்சின் வேலைக்கு நிழற்படம் போதியதாயிற்று. அகாசியின் வேலைக்கு மூலமே வேண்டியிருந்தது. இன்று ஒருவருக்குக் கைப்பேசி வழியே ஓர் ஒப்பந்தத்தின் ஸ்கேன் படம் வருகிறது. அதில் கோடு எங்கே விழுந்தது என்பதை அளக்கலாம். மை தாளுக்குள் எவ்வாறு ஊறியது, அடியில் பென்சில் ஓடியதா, எழுதுகோல் அழுத்திய பள்ளம் உண்டா என்பவற்றைப் படம் காட்டாது. முன்னதும் பின்னதும் வேறு என்பதை மறப்பவரே ஏமாறுகின்றனர்.

அளக்கப் புகுவோர் முதலில் இரு படங்களையும் ஒரே அளவுக்குக் கொணர்தல் வேண்டும். தாளருகே அடிக்கோல் ஒன்றை வைத்து ஸ்கேன் செய்வது இதற்காகவே. பின்னர் பொருத்திப் பார்க்கையில் இரண்டு வகையான ஒற்றுமை தோன்றலாம். கோட்டின் போக்கு பொருந்தி, ஓரங்கள் மட்டும் வேறுபட்டு, கோடு தயங்கித் தயங்கி ஒரே தடிப்பில் நடந்து, வேண்டாத இடத்தில் எழுதுகோல் நின்று தொடங்கியிருந்தால், அது கையால் வரைந்த படி எனலாம். ஆனால் முதியவர், நோயாளர் கையும் நடுங்கும். ஆகவே அவருடைய பிற எழுத்துக்களும் அவ்வாறு நடுங்குகின்றனவா என்று நோக்காமல் முடிவு கூறலாகாது. இதற்கு மாறாக, ஓரத்துச் சிறு பிசிறும் மைப்புள்ளியும்கூட ஒன்றாகவே இருந்தால், அது கை வரைந்ததன்று. வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. எந்தக் கையும் பிசிறைப் படியெடுக்க இயலாது.

வரிகளை வெட்டி ஒட்டியிருப்பின், பெரும்பாலும் எழுத்தினும் எழுத்தைச் சூழ்ந்த தாளே அதனைக் காட்டிக்கொடுக்கும். ஏனைய வரிகளுக்கிடையே தாளின் நார்ப்புள்ளிகளும் மங்கிய நிழலும் தொடர்ந்திருக்க, ஒரு வரியைச் சுற்றி மட்டும் வெண்மை தூய்மையாய் நிற்கும். கோடிட்ட தாளாயின் கோடு அவ்விடத்தில் சிறிது முறியும். கறுப்பு வெள்ளையாகச் சுருக்கி அனுப்பிய படத்தில் இச்சான்றுகள் பெரிதும் அழிந்துவிடுகின்றன. எனவே அத்தகைய படத்தில் பிழை காணாமை, பிழை இல்லாமை ஆகாது.

மையின் நிறத்தில்தான் பலர் அவசரப்படுகின்றனர். ஸ்கேன் கருவி காட்டுவது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அளவுகள் மாத்திரமே. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு கறுப்பு மைகள் அகச்சிவப்பு ஒளியில் ஒன்று மறைந்து ஒன்று நிற்கும். ஸ்கேனிலோ வேறுபாடே தெரியாது. மறுபுறம், ஒரே மையும் அழுத்தத்தாலும் தாளின் மடிப்பு நிழலாலும் இருவேறாய்த் தோன்றும். ஒரே பக்கத்தில், ஒரே ஸ்கேனில், தொகையைக் குறிக்கும் சொல் மட்டும் தொடர்ந்து வேறு நிறம் காட்டினால், அது மூலத்தைக் கேட்பதற்குரிய காரணம். பொய் என்று சொல்லுதற்குரிய காரணமன்று.

ஹௌலண்டு வழக்கின் எண்ணை வியந்து பேசுவோர் பலர். அவ்வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவ்வெண் அன்று. படத்தைக் கண்டவர் ‘பொருந்துகிறது’, ‘பொருந்தவில்லை’, ‘மூலம் வேண்டும்’ என்னும் மூன்று சொற்களுக்குள் நின்றுகொள்ள வேண்டும் என்பதே அது. அதற்கு அப்பால் ஒரு சொல் கூறுமுன், தாள் அவர் கைக்கு வந்தாக வேண்டும்.