வளையத்துக்கு முந்தைய அடி: குரோக்கே ஆட்டத்தை எப்படி ரசிப்பது?

இங்கிலாந்தில் ஒரு குரோக்கே போட்டியைப் பார்க்கப் போனால் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். ஒருவர் மட்டும் புல்தரையில் ஆடிக்கொண்டே இருப்பார்; எதிராளி வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். விதிப்படி ஒரு முறைக்கு ஓர் அடிதான். மிச்ச அடிகளையெல்லாம் ஆடுபவர் சம்பாதித்துக்கொள்கிறார். அந்தச் சம்பாத்தியம் பிடிபட்டால் ஆட்டமும் பிடிபட்டுவிடும்.

அடி எங்கிருந்து வருகிறது?

32 மீட்டர் நீளம், 25.6 மீட்டர் அகலமுள்ள தரையில் ஆறு இரும்பு வளையங்களும் நடுவில் ஒரு முளையும் இருக்கும். நீலமும் கறுப்பும் ஒரு தரப்பின் பந்துகள். சிவப்பும் மஞ்சளும் மற்றவருடையவை. ஒவ்வொரு பந்தும் ஆறு வளையங்களையும் வரிசைப்படி இரண்டு சுற்று கடந்து, கடைசியில் முளையைத் தொட வேண்டும்.

தன் பந்து அடுத்த வளையத்தைக் கடந்தால் இன்னோர் அடி கிடைக்கும். கேரம்போர்டில் காயைப் போட்டால் மறுபடி ஆடுவது மாதிரிதான் இது. இன்னொரு வழி ரோக்கே, அதாவது தன் பந்தால் வேறொரு பந்தைத் தொடுவது. இதற்கு இரண்டு அடிகள் உண்டு. தன் பந்தைக் கையில் எடுத்து, தொட்ட பந்தோடு ஒட்டவைத்து, இரண்டும் நகரும்படி அடிப்பது முதலாவது. அதுதான் குரோக்கே அடி. அதன்பின் ஒரு சாதாரண அடி.

மற்ற மூன்று பந்துகளையும் தலா ஒரு முறைதான் இப்படிப் பயன்படுத்தலாம். வளையத்தைக் கடந்தவுடன் மூன்றும் மறுபடி கிடைக்கும். ஆனால் அடிகளைச் சேர்த்துவைக்க முடியாது.

ஏழு அடிகளில் ஒரு வளையம்

நீலம் இடப்பக்க மூலையிலுள்ள முதல் வளையத்தை இப்போதுதான் கடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் அருகிலேயே கிடக்கிறது. கறுப்பு தரையின் நடுவில். சிவப்பு, 19 மீட்டர் தள்ளி நேர் எதிரே இருக்கும் இரண்டாம் வளையத்தருகே காத்திருக்கிறது.

முதல் அடியில் நீலம் மஞ்சளைத் தொடுகிறது. இரண்டாவது, குரோக்கே அடி: மஞ்சள் எதிர் மூலையிலுள்ள மூன்றாம் வளையத்துக்கு ஓடுகிறது, நீலம் கறுப்பின் பக்கத்தில் நிற்கிறது. மூன்றாவதில் கறுப்பைத் தொடுகிறது. நான்காவதில் கறுப்பை நடுவிலேயே விட்டுவிட்டு நீலம் சிவப்பிடம் போகிறது. ஐந்தாவதில் சிவப்பைத் தொடுகிறது. ஆறாவதில் சிவப்பை வளையத்தின் மறுபுறம் தள்ளி, நீலம் வளையத்தின் முன் வந்து நிற்கிறது. ஏழாவதில் கடக்கிறது. கடந்து வந்த இடத்தில் சிவப்பு தயாராக இருக்கும்; மூன்றாம் வளையத்தில் மஞ்சள் ஏற்கெனவே போய்க் காத்திருக்கும்.

எதைப் பார்ப்பது?

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏழாவது அடிக்குத்தான் கைதட்டுவார்கள். பழகியவர்களின் கண் இரண்டாவது அடியில் இருக்கும். அடுத்த வளையத்துக்கு அடுத்ததில் ஒரு பந்தை முன்கூட்டியே வைப்பதுதான் இந்த ஆட்டத்தின் சூட்சுமம். குரோக்கே அடிக்கு முன் ஒட்டியிருக்கும் இரண்டு பந்துகளையும் கவனியுங்கள். அவற்றின் மையங்களை இணைக்கும் நேர்கோட்டில்தான் தள்ளப்படும் பந்து ஓடும். அடிக்கும் முன்பே அது போகும் திசையை நீங்கள் சொல்லிவிடலாம். எவ்வளவு தூரம் போகும் என்பது ஆடுபவரின் கைப்பக்குவம்.

வளையத்தில் தாராளம் கிடையாது. பந்தின் விட்டம் 92 மில்லிமீட்டர். வளையத்தின் உள் அகலம் பெரும்பாலும் அதைவிட 3 மில்லிமீட்டர்தான் கூடுதல், பெரிய போட்டிகளில் இன்னும் குறைவு. அதனால் ஆறாவது அடியில் பந்து வளையத்துக்குப் பக்கவாட்டில் நின்றுவிட்டாலே ஆபத்து. பந்து கம்பியில் மோதித் திரும்பினாலோ உள்ளே சிக்கிக்கொண்டாலோ முறை போய்விடும். குரோக்கே அடியில் தள்ளிய பந்து எல்லையைத் தாண்டினாலும் அப்படித்தான். சரிவு அதற்கு முன்பே தெரியும்: ரோக்கேக்கான தூரம் ஓரிரு அடி எடுத்துவைக்கும் அளவிலிருந்து ஏழெட்டு மீட்டராக நீண்டால், முந்தைய குரோக்கே பிசகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்பதில் ஏன் நிற்கிறார்?

உயர்மட்ட ஆட்டத்தில், எல்லாம் கைக்குள் இருந்தும் ஆடுபவர் ஒன்பதாவது வளையத்தோடு தானாக நிறுத்துவார். ஏழாவதைக் கடந்ததற்கே எதிராளிக்கு ஒரு சலுகை உண்டு. தன் பந்தை எடுத்து எல்லையோரம் குறித்த இடத்திலிருந்து அடிக்கலாம். அதே முறையில் பத்தாவதையும் கடந்தால், அவர் தன் பந்தை வேறொரு பந்தோடு ஒட்டவைத்து நேராகக் குரோக்கே அடியிலிருந்தே தொடங்கலாம். எதிராளி எந்த ரோக்கேயும் சம்பாதிக்காமலே அவருக்கு அதைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. அதனால் ஆடுபவர் கடைசி நான்கைந்து அடிகளை வளையத்துக்காக இல்லாமல், பந்துகளைப் பரப்பிவைக்கவே செலவிடுவார். எதிராளியின் அந்த ஓர் அடி எவ்வளவு நீளமாக அமைகிறது என்று பாருங்கள். அதை வைத்தே ஆடியவர் தன் முறையை எவ்வளவு நன்றாக முடித்தார் என்று மதிப்பிடலாம்.