தெரு பெயர் இல்லாத விண்ணப்பம்

ஆரணித் தோழி ஒருவர், மனநல உதவி எண்ணில் ஆலோசகராகச் சேர எழுதிய விண்ணப்பத்தைக் காட்டினார். அனுபவத்துக்குச் சான்றாக ஒரே ஓர் உரையாடல். பேசியவர் நெசவாளர், கடனில் இருப்பவர் என்பது மட்டும் தெரிகிறது; அவர் சொற்களையும் தோழி மாற்றியிருக்கிறார். தெரு இல்லை, முதலாளி பெயர் இல்லை, தறிகளின் எண்ணிக்கை இல்லை. பட்டு நெய்யும் சிற்றூரில் இரண்டு விவரம் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும்.

“பாவு வந்தும் தறியில ஏத்தல” என்றாராம் அவர். கடன் எவ்வளவு என்று கேட்கத்தான் யாருக்கும் வாய் துடிக்கும். தோழியோ, “ஏத்தத் தோணலையா?” என்று மட்டும் கேட்டுக் காத்திருந்தார். பிறகுதான், சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டார். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை.

ரகசியத்தின் எல்லையையும் எழுதியிருக்கிறார்: உயிருக்கு ஆபத்தென்றால் மட்டுமே பிறரிடம் சொல்வார், அதையும் முடிந்தவரை முதலில் பேசுபவரிடமே தெரிவிப்பார். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்திலும் இத்தகைய விலக்கு உண்டு.