பத்துக் கட்டளையும் ஒரு கூலிக் கணக்கும்

பாவசங்கீர்த்தனத்துக்கு எப்படித் தயாராவது என்று சொல்லித்தரும் கையேடு தமிழில் 1580-லேயே அச்சாகிவிட்டது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு என்றீக்கே என்றீக்கசு அதை எழுதினார். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் அதுவும் ஒன்று. ஆன்ம சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, குருவிடம் அறிக்கையிடல், அபராதம் தீர்த்தல் என்ற ஐந்து படிகளை ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவற்றில் மிகவும் கடினமானது முதல் படிதான்.

பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடந்த பாவசங்கீர்த்தனத்துக்குப் பின் என்ன செய்தோம், எத்தனை முறை செய்தோம் என்று தன்னையே கேட்பதுதான் வழக்கமான முறை. சாவான பாவமென்றால் அதன் வகையையும் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம்.

இந்த முறையின் பலம் எங்கே தெரிகிறது? உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் நிலம் வைத்திருக்கும் ஒரு கத்தோலிக்கரை எண்ணிப் பாருங்கள். கட்டளைப்படி யோசிக்காமல் போனால், "பேராசைப்பட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். ஏழாம் கட்டளையில் நின்று யோசித்தால், நடவுக்கு வந்த மூன்று பெண்களுக்குப் பேசிய கூலியில் பாதியைப் பிடித்துவைத்தது நினைவுக்கு வரும். அப்போது அவருடைய அறிக்கையே மாறிவிடும். "பேசிய கூலியை முழுதாகக் கொடுக்காமல் மூன்று பேரை ஏமாற்றினேன், அதற்காக வருந்துகிறேன், பாக்கியைக் கொடுத்துவிடுவேன்" என்பார். பொதுவாகப் பேராசை என்று சொன்னால் திருப்பிக் கொடுக்க எதுவுமில்லை. கூலி என்று சொன்னதும் ஐந்தாம் படிக்கு வேலை வந்துவிடுகிறது. ஆட்களுடைய பெயர் தேவையில்லை. மற்றவர் செய்த பாவத்தின் கதை அறவே தேவையில்லை. அது அவரவருடைய பாவசங்கீர்த்தனம்.

குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. கேள்வித்தாளில் இல்லாதது மனசாட்சியிலும் இல்லாமல் போய்விடுகிறது. பூசையை எத்தனை ஞாயிறு தவறவிட்டோம் என்று விரல்விட்டு எண்ணுகிறவர், கல்லறையில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கியதற்குத் தலையாட்டியதை எந்தக் கட்டளையின் கீழ் தேடுவார்? செய்த பாவம் பட்டியலில் எளிதாக அகப்படும். செய்யாமல் விட்ட கடமை நழுவிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இது இஞ்ஞாசியாருக்கே நேர்ந்தது. மொன்செராத்தில் பாவங்களை எழுதிவைத்து மூன்று நாள் பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்தவருக்கு, 1522-இல் மன்ரேசாவில் ஏதோ விட்டுப்போயிற்று என்ற சந்தேகம் ஓயவில்லை. தெளிவாகத் தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும் என்றார் குரு. எல்லாமே தெளிவாகத் தெரிந்ததால் அதுவும் பயன்படவில்லை. பழைய பாவங்களை இனித் திரும்பச் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகே அவருக்கு விடுதலை கிடைத்தது. மன்னிப்புப் பெற்ற பாவத்தையே ஒருவர் மறுபடி மறுபடி கொண்டுவந்தால், அவருக்கு இன்னொரு பட்டியலைக் கொடுக்கக் கூடாது; ஒரே குருவின் சொல்லைக் கேட்டு நடக்கச் சொல்ல வேண்டும்.

என் கணிப்பில், மறதிக்காரருக்கு இந்த முறை நல்ல மருந்து, சந்தேகக்காரருக்கு விஷம். தவக்காலத்தில் ஆன்ம சோதனைத் தாள் அச்சிடும் பங்குகள் கூலி, வட்டி, சாதி மூன்றையும் நேரடிக் கேள்விகளாகவே அதில் சேர்க்கட்டும்.