டீ மாஸ்டரும் மேடை நடிகரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நண்பர்கள் எடுத்த பன்னிரண்டு நிமிஷக் குறும்படத்தில் ஒரு காட்சி என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. ஷிப்ட் முடிந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி டீக்கடையில் இன்னும் ஒரு வாரம் கடன் கேட்கிறான், கடைக்காரர் மறுக்கிறார். மறுப்பவர் அசல் டீ மாஸ்டர். கேட்பவர் திருவள்ளூரில் மேடை நாடகங்களில் பழகியவர்.

முதல்நாள் ஒத்திகையில் நானும் இருந்தேன். டீ மாஸ்டரைக் கைகட்டி நிற்கவைத்து வசனம் சொல்லிக்கொடுத்தார்கள். டைரக்டர் சொன்ன அதே ராகத்தில் அவர் திருப்பிச் சொன்னார். குற்றம் அவருடையதல்ல. வாயால் சொல்லிக் காட்டினால், பழக்கமில்லாதவர் அர்த்தத்தை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார். பேசுமுன் மூச்சை இழுத்துக்கொள்வதும், பேசி முடித்ததும் கண் டைரக்டரிடம் போவதும் இதன் அடையாளங்கள்.

மறுநாள் வசனத்தாளை எடுத்துவிட்டார்கள். பாய்லர் கொதித்தது. கடன் தரக்கூடாது, ஆனால் வாடிக்கையையும் இழக்கக்கூடாது என்பது மட்டுமே அவருக்குச் சொல்லப்பட்டது. கிளாஸ் கழுவுவது, டிகாக்‌ஷன் விடுவது, ஆற்றுவது என்ற வேலை வரிசையை மட்டும் ஒத்திகை பார்த்தார்கள். கேட்பவர் எப்படிக் கேட்பார் என்பது இவருக்குத் தெரியாது. இரண்டாவது டேக்கில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஆற்றிக்கொண்டே, ‘போன மாசத்துதே நிக்குதேப்பா’ என்றார். எழுதி வராத வரி. எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாவதில் அதையே சொன்னார், வரி செத்துவிட்டது. பாராட்டுவதானால் டீயைப் பாராட்டியிருக்க வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. டேக்குக்கு டேக் கிளாஸ் இருக்கும் கை மாறுகிறது. வெட்டி ஒட்ட முடியாது. ஆகவே இருவரையும் ஒரே சட்டத்தில் வைத்து ஒரே ஷாட்டாக எடுக்க வேண்டியதாயிற்று. மேடைக்காரர் மாட்டிக்கொண்டது இங்கேதான். கடைசி வரிசைக்கு எட்டப் பழகிய குரல், நாலடி தூரத்துக் காமிராவின் முன் பிரசங்கமாகிறது. ‘இயல்பாகச் செய்யுங்கள்’ என்றார் டைரக்டர். அவர் உடனே இயல்பை நடிக்க ஆரம்பித்தார்.

வேலையிலிருந்து ஆளை எடுப்பது ஒன்றும் புதிதல்ல. டி சிகா 1948இல் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்துத் தகப்பனாக ஒரு ஆலைத் தொழிலாளியைப் போட்டார். மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’யில் (2022) விவசாயியாக வந்த நல்லாண்டி விவசாயியேதான். பிரெஸ்ஸோன் மட்டும் எதிர்த்திசையில் போனார்: உணர்ச்சி உதிரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். ஆனால் அதற்கு வேண்டிய டேக்குகளும் பொறுமையும் நம் நண்பர்களிடம் இல்லை.

ஒப்பந்தத் தொழிலாளியையே ஏன் போடவில்லை என்று கேட்டேன். ஷிப்ட் இருக்கும், வரமாட்டார்கள் என்றார்கள். யாரையாவது கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லையாம்.